ஃபேன், ஏர்கூலர், திறந்த நடைவழி: அறைப் படத்தை வைத்துப் பருவநிலை சொல்ல முடியுமா?

வெயிலோன்: படத்தில் மேலே விளக்கில்லாத மூணு இறக்கை ஃபேன். சன்னலில் தகர ஏர்கூலர். கதவுக்கு வெளியே திறந்த நடைவழி. புழுக்கமான கடலோர ஊர் என்கிறேன். சரியா?

மரங்கொத்தி: சரிதான். குளிர் ஊரில் ஃபேன் எதற்கு, திறந்த நடை எதற்கு?

கட்டடக்காரி: வெயில் ஊர் என்பது வரை சரி. புழுக்கம் என்பதைத்தான் அந்தக் கூலர் மறுக்கிறது. அது தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கும், அதற்குக் காற்று வறண்டிருக்க வேண்டும். வெளியே 40 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் நல்ல கூலர் 26 டிகிரி பக்கம் காற்றைத் தரும். 33 டிகிரி, 75 சதவீதம் என்றால் 30-க்கு வருவதே பெரிது, அதுவும் வேர்வை காயாத ஈரக் காற்று. அங்கே சன்னலை அடைத்துக் கூலர் மாட்டி வைப்பவர்கள் குறைவு.

நிலாமுற்றம்: எங்கள் அறையிலும் கூலர் இருக்கு, ஆனா படுக்கை விரிப்பு வரைக்கும் பிசுபிசுக்குது. எந்த மாடல் வாங்கலாம்?

கட்டடக்காரி: மாடலை விடுங்க. சன்னலைச் சாத்திட்டுப் போடுறீங்களா? உள்ளே வந்த ஈரக்காற்று வெளியேற வழி வேணும். படத்திலும் இதையே தேடலாம்: கூலரின் முதுகு வெளியே இருக்கணும், எதிர்ப்பக்கம் ஏதாவது திறந்திருக்கணும்.

மரங்கொத்தி: நடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. அதுவே போதுமான சான்று.

கட்டடக்காரி: போதாது. டோக்கியோ அடுக்குமாடிகளிலும் இங்கிலாந்தின் பழைய நகராட்சிக் குடியிருப்புகளிலும் திறந்த நடை உண்டு, குளிர்காலமும் உண்டு. நடையைவிட, நடைக்கும் அறைக்கும் நடுவில் இருக்கும் சுவரைப் பாருங்கள். கதவுக்கு மேலே மூடவே முடியாத சிமெண்டு ஜாலி இருந்தால், அங்கே குளிரைத் தடுக்கும் தேவையே இல்லை. இறுக்கமாகச் சாத்தும் இரும்புக் கதவு என்றால் திறந்த நடை எதையும் நிரூபிக்காது. ஃபேனும் அப்படித்தான். குளிர் நாட்டு வீடுகளிலும் மாட்டுகிறார்கள், குளிர்காலத்தில் எதிர்த்திசையில் ஓடவிட்டு மேலே தங்கிய சூட்டைக் கீழே இறக்க.

வெயிலோன்: பெரிதாக்கிப் பார்த்தேன். கதவுக்கு மேலே ஜாலி இருக்கிறது. கூலருக்குள் தண்ணீர் நனைக்கும் மெத்தையில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள்.

கட்டடக்காரி: அது தண்ணீர் ஆவியான பிறகு தங்கிய உப்பு. நிறைய ஓடிய கூலர். குளிர்காலம் கடுமையில்லாத, வறண்ட வெயில் ஊர் என்பேன்.

மரங்கொத்தி: வருஷம் முழுக்க வறட்சியா? மழைக்கு முந்தைய இரண்டு மூன்று மாதம் மட்டும் காய்ந்து, பிறகு புழுங்கும் ஊராகவும் இருக்கலாமே. உப்புத் தண்ணீரானால் சில வாரத்திலேயே கோடு விழும்.

கட்டடக்காரி: அதை ஒப்புக்கொள்கிறேன். கூலர் கோடையின் வறட்சியை மட்டுமே காட்டும். மற்ற மாதங்களுக்கு இந்தப் படத்தில் சான்றில்லை. சுவரின் அடியில் ஈரம் ஏறிய கறை தெரிகிறதா?

வெயிலோன்: அந்தப் பக்கம் கட்டில் மறைக்கிறது.