3டி பிரிண்டில் லேயர் உயரத்தை மாற்றினால் உச்சியில் ஓட்டை. ஏன்?

தெம்பனிஸ்வாசி: கொலுவில் வைக்க ஒரு லிங்கம். அடியில் 40 மி.மீ. நேர் உருளை, மேலே 20 மி.மீ. அரைக்கோளம். 0.4 நாசில், பிஎல்ஏ சில்க், PrusaSlicer. Variable layer height-இல் உருளைக்கு 0.28, உச்சிக்கு 0.08 வைத்தேன். வளைவில் படிக்கட்டு மறைந்துவிட்டது, ஆனால் உச்சியில் ஊசி ஓட்டைகள், உள்ளே இன்ஃபில் தெரிகிறது. முழுக்க 0.2-இல் அடித்தபோது ஓட்டையே இல்லை.

பீஷான்_3டி: உயரம் எல்லாம் 0.04-இன் மடங்காக இருக்கணும். 8 மி.மீ. லீட் ஸ்க்ரூவில் ஒரு முழு ஸ்டெப் அவ்வளவுதான். இடைப்பட்ட எண் வந்தால் கோடு விழும்.

ஈசூன்_மாமா: 0.28, 0.2, 0.08 மூன்றுமே 0.04-இன் மடங்குதானே தம்பி! ஓட்டைக்குக் காரணம் வேறு. மேல்மூடி லேயர் 4 என்று வைத்திருப்பீர்கள். 0.2-இல் அது 0.8 மி.மீ. கனம், 0.08-இல் வெறும் 0.32. இன்ஃபிலுக்கு நடுவே அது தொய்ந்து கிழிகிறது. Print Settings-இல் Minimum shell thickness, Top 0 என்றிருக்கும், 0.8 ஆக்குங்கள். லேயர் மெலிந்தால் ஸ்லைசரே எண்ணிக்கையை 10 வரை கூட்டிக்கொள்ளும்.

0.08-ஐ முழு அரைக்கோளத்துக்கும் கொடுக்க வேண்டாம். அதன் அடிப்பகுதி கிட்டத்தட்ட செங்குத்து, அங்கே 0.2 போதும். உருளை 143 லேயர், அடுத்த 12 மி.மீ.க்கு 60, கடைசி 8 மி.மீ.க்கு 100, ஆக 303. முழுக்க 0.2 என்றாலும் 300தான். முழுக்க 0.08 என்றால் 750!

ஜூரோங்_அக்கா: என் கோஸ்டர் முழுக்கத் தட்டை, 0.28 போட்டால் மேற்பரப்பு சொரசொரப்பாகிறது. அயர்னிங் செய்யட்டுமா?

ஈசூன்_மாமா: அது வேறு கேள்வி, அக்கா. இங்கே வேகம் கூடுவது நேர்சுவரில். கோஸ்டருக்கு அடி லேயர்கள் தடிமனாக, மேலே கடைசி சில லேயர் மட்டும் 0.16 வையுங்கள். உயரம் மாறினால் அந்த மட்டத்தில் இருக்கும் எல்லாமே மாறும், அதை மறக்காதீர்கள்.

தெம்பனிஸ்வாசி: 0.8 வைத்தேன், ஓட்டை அடைபட்டது. ஆனால் 40 மி.மீ. உயரத்தில் வளையம் போல ஒரு பளபளப்பு மாற்றம். உச்சியில் இன்னும் சின்னத் தட்டை வட்டம்.

ஈசூன்_மாமா: வட்டம் முழுசாகப் போகாது. 0.2-இல் கடைசி வட்டத்தின் ஆரம் சுமார் 2 மி.மீ., 0.08-இல் 1.3, அவ்வளவுதான் லாபம். வளையத்துக்கு Smooth-ஐச் சில தடவை அழுத்துங்கள், Keep min டிக் இருக்கட்டும், இல்லாவிட்டால் உச்சியின் 0.08-உம் தடித்துவிடும்.

பீஷான்_3டி: Smooth செய்தால் 0.23, 0.17 என்று எண் வரும், 0.04 போச்சு.

ஈசூன்_மாமா: மைக்ரோஸ்டெப்பிங்கில் அது தெரியாது என்பது என் கணிப்பு. ஒன்று Smooth-உடன், ஒன்று இல்லாமல் அடித்துப் படம் போடுங்கள்.

தெம்பனிஸ்வாசி: Smooth-உடன் வளையம் மங்கியது, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் இன்னும் தெரிகிறது. சில்க் குணமா, எண்ணா, புரியவில்லை. மேட் பிஎல்ஏவில் ஒன்று போட்டிருக்கிறேன்.