ஃபாண்டம் அசெம்பிளி: மாயத் தொகுதியா, தங்காத் தொகுதியா?

மடல் 1

அன்புடையீர்,

உற்பத்தித் திட்டமிடல் கையேடு ஒன்றைத் தமிழாக்கும் பணியில் ‘ஃபாண்டம் அசெம்பிளி’ என்ற சொல்லில் நின்றுவிட்டேன். பாகப்பட்டியலில் தனி எண் பெற்றிருந்தும் கிடங்குக்குப் போகாத துணைத்தொகுதியை அது குறிக்கிறது. ‘மாயத் தொகுதி’ என்று எழுதிப் பார்த்தேன்; ஆனால் பொருள் கண்முன்னே இருக்கிறது. பம்பு பூட்டும் மேசையில் தண்டின் இரு முனைகளிலும் பேரிங்கை அழுத்தி ஏற்றியதும் தண்டுத் தொகுதி உருவாகிறது, சில நிமிடங்களில் பம்பின் கூட்டுக்குள் போய்விடுகிறது. கையால் தொட முடிகிற ஒன்றை மாயம் என்பது உறுத்துகிறது. வேறு சொல் உண்டா?

மடல் 2

ஐயா, கிடங்கில் இருப்பே வைக்கப்படாது என்பதுதான் இதன் இலக்கணம். எனவே ‘இருப்பிலாத் தொகுதி’ என்றால் போதும். திட்டமிடும் மென்பொருளும் அதன் இருப்பைப் பாராமல் நேரே உள்ளிருக்கும் பாகங்களுக்குப் போய்விடும்.

மடல் 3

முன்னவர் சொன்னதில் முதற்பாதி சரி. இரண்டாம் பாதியை அப்படியே ஏற்க இயலவில்லை. பல ஆண்டுகளாகத் திட்டமிடல் பிரிவில் இருப்பவன் என்ற முறையில் ஒரு கணக்கைக் காட்டுகிறேன்.

இருபதாம் நாளில் 100 பம்புகள் வேண்டும், பம்பைப் பூட்ட ஐந்து நாள் ஆகும் என்றால் வேலை பதினைந்தாம் நாள் தொடங்கும். தண்டுத் தொகுதிக்கு ஆயத்த நாள், அதாவது அதைச் செய்து முடிக்க ஒதுக்கும் நாள், சுழியம் என்பதால் பேரிங்குகளும் அதே பதினைந்தாம் நாளில்தான் தேவைப்படும். அதற்குத் தனி வேலை ஆணை இல்லை. கிடங்கில் வரவும் இல்லை, வழங்கலும் இல்லை. பேரிங்குகள் பம்பின் ஆணையிலேயே வழங்கப்படும். ஆனால் திரும்பி வந்த பம்புகளைப் பிரித்தபோது நல்ல நிலையில் 8 தண்டுத் தொகுதிகள் கிடைத்து, கிடங்கில் பதிவாகிவிட்டன என்று கொள்ளுங்கள். வழக்கமான கணக்கு முதலில் அந்த எட்டைக் கழித்து, மீதி 92-ஐ மட்டுமே கீழே விரிக்கும்; தொகுதிக்கு இரண்டு வீதம் 184 பேரிங்குகள் போதும். அந்த எட்டைப் பாராமல் 200 கேட்டால், 16 பேரிங்குகள் கூடுதலாக வந்து சேரும், எட்டுத் தொகுதிகளும் தட்டிலேயே துருப்பிடிக்கும். எல்லா மென்பொருளும் ஒரே வகையில் இதைச் செய்வதில்லை. உங்கள் அமைப்பை ஒருமுறை இப்படி ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஆகவே இருப்பு எப்போதாவது உண்டு. தங்க வேண்டும் என்ற எண்ணம்தான் இல்லை. ‘தங்காத் தொகுதி’ என்பது என் முன்மொழிவு. செல்லாக் காசு, வாடா மலர் போல இயல்பாகவும் ஒலிக்கிறது.

மடல் 4

எங்கள் ஆலையிலும் இது உண்டு. ‘மோட்டார் வகை’ என்றொரு எண் இருக்கிறது. அதன் கீழே மூன்று மோட்டார்கள், பத்துக்கு ஆறு, மூன்று, ஒன்று என்ற விகிதத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. அதை யாரும் செய்ததும் இல்லை, பார்த்ததும் இல்லை. இதற்கு ‘மாயம்’ பொருந்துமே?

மடல் 3-இன் ஆசிரியர்

அம்மா, நீங்கள் சொல்வது வேறொன்று. மூன்று மோட்டார்களையும் ஒன்றாகப் பூட்டிப் பம்பில் வைக்க முடியாது. முன்கணிப்பைப் பிரித்துக் கொடுப்பதற்காக எழுதிய எண் அது. தண்டுத் தொகுதியை யாராவது முன்கூட்டியே செய்து அடுக்கிவிடலாம், உங்கள் மோட்டார் வகையை அப்படிச் செய்ய வழியே இல்லை. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் கிடங்கில் எண்ணிப் பார்க்கச் செல்பவர் குழம்புவார். ‘மாய’ என்ற அடையை உங்கள் எண்ணுக்கே விட்டுவிடலாம்.

மடல் 1-இன் ஆசிரியர்

‘தங்காத் தொகுதி’ எனக்கு நிறைவாக இருக்கிறது. கீழே விரிப்பதைக் ‘கடந்து விரித்தல்’ என்று எழுதுகிறேன். ஒன்று மட்டும் தெளியவில்லை. அதே தண்டுத் தொகுதியை உதிரிப்பாகமாகத் தனியே விற்கும்போது என்ன ஆகும்?

மடல் 3-இன் ஆசிரியர்

அப்போது அதற்குத் தனி வேலை ஆணையும் ஆயத்த நாளும் வேண்டும். பம்பின் பட்டியலில் தங்காதது, உதிரிப்பாக ஆணையில் தங்கும். சில மென்பொருள்களில் இந்தக் குறி பாகத்தின் பதிவில் இல்லாமல் தாய்ப்பட்டியலின் வரியிலேயே இடப்படுகிறது. அப்படியானால் ‘தங்காத்’ என்ற அடை தொகுதிக்கு உரியதா, அந்த வரிக்கு உரியதா என்பதில் எனக்கே இன்னும் முடிவு இல்லை.

மடல் 2-இன் ஆசிரியர்

என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். எங்கள் பட்டியலில் பேரிங்குகள் எப்போதும் இரண்டு நாள் முன்பே வந்து காத்திருப்பது ஏன் என்று விளங்காமல் இருந்தேன். தங்காத் தொகுதி ஒன்றில் யாரோ ஆயத்த நாள் இரண்டு என்று இட்டிருப்பதை இன்று கண்டேன். வரி என்பதா, தொகுதி என்பதா என்பதற்கு இலக்கணம் அறிந்தவர்கள் விடை சொல்லட்டும்.