மதிப்பெண், அப்புறம் பெயர்: இரண்டு தடவை வரிசைப்படுத்துவதா, ஒரே தடவையா?

மாறன்:
42 மாணவர்கள் கொண்ட வகுப்பு. அதிக மதிப்பெண் மேலே வரவேண்டும், சம மதிப்பெண் எடுத்தவர்கள் பெயர் வரிசையில் வரவேண்டும். சி++இல் இப்படிப் போட்டேன்:

```cpp
sort(v.begin(), v.end(), byName);
sort(v.begin(), v.end(), byMarks);
```

8 பேரை வைத்துப் பார்த்தபோது சரியாக வந்தது. முழுப் பட்டியலில் 87 எடுத்தவர்களின் பெயர்கள் கலைந்து வருகின்றன. இரண்டு வரிகளையும் இடம் மாற்ற வேண்டுமா?

ரகு:
ஆமாம், மாற்றுங்கள். முக்கியமானது மதிப்பெண். அதை முதலில் அடுக்கிவிட்டுத்தானே பெயரைப் பார்க்க வேண்டும்? `byMarks`இல் `>` என்று இருந்தால் அதையும் `>=` ஆக்குங்கள். சமமாக இருப்பவர்கள் இடம் மாறாமல் நிற்பார்கள்.

வேணி:
மாறன், இடம் மாற்றாதீர்கள். உங்கள் வரிசை சரி, கருவிதான் தவறு.

ஐந்து பேரைக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். கவிதா 87, அமுதா 92, தீபன் 87, பாலு 92, இளங்கோ 87. முதலில் பெயர்ப்படி அடுக்கினால் அமுதா, இளங்கோ, கவிதா, தீபன், பாலு. இப்போது மதிப்பெண்ணை மட்டும் பார்த்து 92களை மேலே எடுங்கள். அமுதா, பாலு. கீழே மிஞ்சுவது இளங்கோ, கவிதா, தீபன். 87களை நாம் தொடவே இல்லை, முன்பு நின்ற வரிசையிலேயே நிற்கிறார்கள். ரகு சொல்வதுபோல் பெயரைக் கடைசியில் அடுக்கினால் திரும்பவும் அமுதா, இளங்கோ, கவிதா, தீபன், பாலு என்றே வரும். மதிப்பெண் வரிசை காணாமல் போய்விடும். கடைசியாக அடுக்குவதே பட்டியலை ஆளும்.

ஆனால் சமமானவர்களை முன்பு நின்றபடியே விட்டுவைப்பேன் என்று `std::sort` எந்த வாக்குறுதியும் தருவதில்லை. `std::stable_sort` தருகிறது. 8 பேருக்கு ஏன் சரியாக வந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய இடம். நீங்கள் `g++` பயன்படுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதனுடன் வரும் லைப்ரரியில் பட்டியல் 16 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் `std::sort` ஒவ்வொருவரையும் எடுத்து உரிய இடத்தில் செருகும் எளிய முறையை மட்டுமே செய்கிறது. அதில் சமமானவர்கள் தாண்டிப் போவதில்லை. 16ஐத் தாண்டியதும் பட்டியலைப் பிரித்துப் பிரித்து இடம் மாற்றுகிறது, கலைசல் அங்கேதான் வருகிறது. 8 பேர் சோதனை உங்களுக்குப் பொய்யான தைரியம் கொடுத்துவிட்டது.

ஜெயந்தி டீச்சர்:
எனக்கு நிரல் எழுதத் தெரியாது. விரிதாளில்தான் ராங்க் பட்டியல் போடுகிறேன். நானும் முதலில் பெயர், அப்புறம் மதிப்பெண் என்றுதான் அடுக்குவேன், இதுவரை கலைந்ததில்லை. எனக்குக் கலைவது வேறு இடத்தில். அலுவலகத்தில் இருந்து வரும் பட்டியலில் இனிஷியல் முன்னால் இருக்கிறது. "சு. அமுதா" கீழே போய்விடுகிறாள், "க. பாலு" மேலே வந்துவிடுகிறான். போன வருடம் இனிஷியலைத் தனிப் பத்தியாகப் பிரித்தேன். அதற்கப்புறமும் மறைமதி, மலர்விழிக்கு முன்னால் வந்து நிற்கிறாள். மாறன், உங்கள் பெயர்கள் கலைவதும் இதனால்தானோ?

வேணி:
மாறனுடையது வேறு, டீச்சர். ஆனால் நீங்கள் சொல்வதும் உண்மையான சிக்கல். யூனிகோட் அட்டவணையில் ர, ற, ல, ள, ழ, வ என்று எழுத்துகள் இருக்கின்றன. நமக்கோ ர, ல, வ, ழ, ள, ற. எழுத்தின் எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் நிரலுக்கு ற முந்தியது, ல பிந்தியது. மாறன், உங்கள் `byName` வெறும் `a.name < b.name` என்று ஒப்பிட்டால் அதுவும் இதே தவற்றைத்தான் செய்யும். `icu::Collator` போன்ற ஒன்று தமிழ் வரிசையை அறியும்.

மாறன்:
`stable_sort` போட்டேன். கலைசல் நின்றது, ஆனால் 87 எடுத்தவர்கள் இப்போது தலைகீழாக வருகிறார்கள்! தீபன், கவிதா, இளங்கோ. ரகு அண்ணா சொன்ன `>=` மட்டும் அப்படியே இருக்கிறது.

வேணி:
அதுதான் காரணம். ஒப்பிடும் செயல்கூறிடம் கேட்கப்படும் கேள்வி "இவர் கட்டாயம் அவருக்கு முன்னால் வரவேண்டுமா?" என்பது. 87க்கு 87 என்று வரும்போது `>=` "ஆமாம்" என்கிறது. பின்னால் நின்றவரைத் தூக்கி முன்னால் வைக்கிறது. வெறும் `>` ஆக்குங்கள். இந்தத் தவறோடு பழையபடி `std::sort` ஓட்டினால் இன்னும் மோசம். பட்டியலின் எல்லையைத் தாண்டிப் படித்து நிரல் விழுந்துவிடவும் கூடும்.

ரகு:
சமம் என்றால் மாற்றாதே என்று சொல்கிறது என நினைத்துவிட்டேன். மன்னிக்கவும் மாறன்.

இக்பால்:
நான் இந்த இரண்டு தடவை முறையையே எதிர்க்கிறேன். ஒரே ஒப்பீட்டில் சொல்லிவிடலாம்:

```cpp
if (a.marks != b.marks) return a.marks > b.marks;
return a.name < b.name;
```

இதற்கு `std::sort` போதும். என்ன வேண்டும் என்பது ஒரே இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. வேணி சொல்லும் முறையில் இரண்டாவது வரி சரியாக வேலை செய்ய முதல் வரி முன்பே ஓடியிருக்க வேண்டும். நாளைக்கு ஒருவர் அந்த முதல் வரி தேவையில்லை என்று நினைத்து நீக்கினால், கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாது.

வேணி:
மாறனின் இந்த ஒரு பட்டியலுக்கு நீங்கள் சொல்வதையே நானும் எழுதுவேன். ஆனால் டீச்சரின் நிலையை யோசியுங்கள். பெயர் வரிசை வருடம் முழுக்க ஒன்றுதான். அதை ஜூனில் ஒருமுறை தமிழ் முறைப்படி, இனிஷியல் பிரித்து, கண்ணால் சரிபார்த்து வைத்துவிடலாம். பிறகு ஒவ்வொரு தேர்வுக்கும், ஒவ்வொரு பாடத்துக்கும் மதிப்பெண்ணை மட்டும் ஸ்டேபிளாக அடுக்கினால் போதும். பெயரை ஒப்பிடும் தொல்லை அந்த இடத்துக்கு வரவே வராது. திரையில் பத்தித் தலைப்பை அழுத்தி வரிசை மாற்றும் இடங்களிலும் இதேதான். அடுத்து எதை அழுத்துவார்கள் என்று தெரியாமல் உங்கள் ஒப்பீட்டை எப்படி முன்கூட்டி எழுதுவீர்கள்?

இன்னொன்று. ஒரே மதிப்பெண்ணில் இரண்டு கவிதாக்கள் இருந்தால் உங்கள் நிரலில் யார் முதலில்?

இக்பால்:
கவிதா விஷயம் சரி, மூன்றாவதாகப் பதிவு எண்ணைச் சேர்க்க வேண்டும். தலைப்பை அழுத்தும் இடத்தில் ஸ்டேபிள் சார்ட் வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஜூன் பட்டியலை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆகஸ்டில் ஒரு பிள்ளை புதிதாகச் சேருகிறது, பெயரைக் கடைசியில் எழுதுகிறார்கள். அந்தப் பிள்ளை அமுதாவாகவே இருந்தாலும் சம மதிப்பெண்காரர்களில் எப்போதும் கடைசி. யார் கண்ணிலும் படாது.

ஜெயந்தி டீச்சர்:
இது எங்கள் பள்ளியில் நடந்தே இருக்கிறது. பாதியில் சேர்ந்த பிள்ளைகளின் பெயர் வருகைப் பதிவேட்டில் கடைசியில்தான் இருக்கும். அதே பட்டியலைத்தான் நானும் எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கே பார்க்கிறேன்.

வேணி:
புதுப் பெயர் சேரும்போது மட்டும் பெயர் அடுக்கலை மறுபடி ஓட்டலாம். அதை யார் நினைவில் வைத்துச் செய்வது என்பதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, இக்பால்.

மாறன்:
நான் ஒரே ஒப்பீட்டுக்கு மாறிவிட்டேன். மதிப்பெண், பெயர், பதிவு எண். 87 எடுத்த எல்லோரும் ஒழுங்காக நிற்கிறார்கள். இனிமேல் சோதனைக்கு 8 பேர் வேண்டாம், எல்லோருக்கும் ஒரே மதிப்பெண் கொடுத்து 100 பேரை வைத்து ஓட்டிப் பார்க்கிறேன். மறைமதி, மலர்விழி இரண்டையும் அதில் சேர்த்திருக்கிறேன். மறைமதி இன்னும் முன்னால்தான் வருகிறாள்.