‘நிபந்தனை வினை’ என்ற சொல்லை மாற்றலாமா?

பயிற்சிநூல் எழுதுபவர்:
வணக்கம். இடைநிலை மாணவர்களுக்கான ஸ்பானிஷ் பயிற்சிநூலில் ‘கொந்திசியொனால்’ வடிவத்துக்கு ‘நிபந்தனை வினை’ என்று பெயர் போட்டிருந்தேன். அந்தப் பெயரே மாணவர்களைத் தவறான பக்கம் இழுக்கிறது. ‘நேரம் இருந்தால் உன்னோடு வருவேன், ஆனால் நேரம் இல்லை’ என்பதற்கு விடை ‘சி துவியேரா தியெம்போ, இரீயா கொந்தீகோ’. ‘துவியேரா’ வர வேண்டிய முதல் கோட்டில் பலரும் ‘தெந்த்ரீயா’ என்ற கொந்திசியொனால் வடிவத்தை நிரப்புகிறார்கள். கேட்டால், “இருந்தால் என்பதுதானே நிபந்தனை?” என்கிறார்கள். தமிழ்ப்படி அது நியாயம்தான். ஸ்பானிஷிலோ அந்தப் பெயர் ஒட்டியிருப்பது ‘வருவேன்’ பக்கத்தில். ‘விளைவு வினை’ என்று மாற்றலாமா?

பில்பாவோவில் இருந்தவர்:
அங்கே ஊர்க்காரர்களே ‘சி தெந்த்ரீயா’ என்று பேசிக் கேட்டிருக்கிறேன். அதை ஏன் பிழை என்கிறீர்கள்?

ஸ்பானிஷ் ஆசிரியை:
பாஸ்க் நாடு, நவார்ரா, புர்கோஸ் பக்கம் பேச்சில் அது உண்டு ஐயா. பொது எழுத்து வழக்கு ஏற்பதில்லை. தேர்வில் மதிப்பெண் போய்விடும்.

பெயருக்கு வருகிறேன். ‘விளைவு’ பாதி இடத்துக்குத்தான் பொருந்தும். ‘திஹோ கே பெந்த்ரீயா’ என்றால் ‘வருவதாகச் சொன்னான்’. இதில் நிபந்தனையும் இல்லை, விளைவும் இல்லை. நேற்றில் நின்று பார்த்த எதிர்காலம். அந்த்ரேஸ் பெயோ 1847இல் வெளியிட்ட இலக்கணத்தில் இதை ‘போஸ்ப்ரெத்தேரித்தோ’ என்றார், அதாவது இறந்தகாலத்துக்குப் பிந்தியது. வடிவமும் அதையே காட்டுகிறது. ‘இர்’ என்பதோடு ‘ஆபேர்’ வினையின் நிகழ்காலம் ஒட்டி ‘இரே’ என்ற எதிர்காலம் ஆனது. அதே வினையின் இறந்தகாலம் ஒட்டி ‘இரீயா’ ஆனது. திரிந்த அடிகளும் இரண்டுக்கும் பொது: தெந்த்ரே, தெந்த்ரீயா. ‘இறந்தவழி எதிர்காலம்’ என்பது என் பரிந்துரை.

தேர்வுக்குப் படிப்பவர்:
பெயர் எதுவானாலும் சரி, ‘சி’க்குப் பின் எதிர்காலமும் இதுவும் வரவே வராது என்று ஒரு விதி எழுதிவிட்டால் போதாதா?

ஸ்பானிஷ் ஆசிரியை:
போதாது தம்பி. ‘நோ சே சி பெந்த்ரா’ சரியான வாக்கியம்: ‘வருவானா, தெரியவில்லை’. அங்கே ‘சி’ நம் வினா ‘ஆ’. ‘வந்தால்’ என்று தமிழில் சொல்ல முடிகிற இடத்தில் மட்டும் உங்கள் விதி செல்லும்.

பயிற்சிநூல் எழுதுபவர்:
அந்த ‘வந்தால்’, ‘வருவானா’ சோதனையை அப்படியே நூலில் சேர்க்கிறேன் அம்மா. ஆனால் ‘இறந்தவழி’ எனக்கு இடிக்கிறது. ‘இரீயா கொந்தீகோ’ என்பவர் இன்று மாலையைப் பற்றிப் பேசுகிறார். அதில் இறந்தகாலம் எங்கே என்று வகுப்பில் முதல் கேள்வியே வரும். ‘சி’ வாக்கியப் பாடத்துக்கு ‘விளைவு வினை’ என்றே போடுகிறேன். ‘வருவதாகச் சொன்னான்’ பாடத்தின் தலைப்பை இன்னும் காலியாக வைத்திருக்கிறேன்.