புதுப்பிப்பு: கிகாபிட் ஃபைபரும் என் ரவுட்டரும்

நான் கேட்டிருந்தது: "1 கிகாபிட் ஃபைபர் எடுத்தும் 94 எம்பிபிஎஸ்தான் வருகிறது. எந்த ரவுட்டர் வாங்கலாம்?"

94 என்றதுமே "உங்கட போர்ட் நூறுதான்" என்ற அண்ணை சொன்னது சரி. கிகாபிட் போர்ட் உள்ள ரவுட்டரை வாங்கிக் கொக்குவில் வீட்டில் பூட்டினேன். 380இல் நின்றுவிட்டது! கேபிளை மாற்றச் சொன்ன தம்பிக்கு: லிங்க் 1000 என்றுதான் காட்டியது, கேபிளில் பிழையில்லை. வேகச் சோதனை ஓடும்போது ரவுட்டருக்குள் போய் `top` பார்த்தேன். பாக்கெட்டுகளைக் கையாளும் `ksoftirqd` சிபியுவின் ஒரு கோரை முழுதாக விழுங்கிக்கொண்டிருந்தது. எதற்கு முன்னுரிமை என்று பிரிக்கும் கியூஓஎஸை நிறுத்தியதும், சிபியுவுக்கு வேலை வைக்காமல் பாக்கெட்டுகளைக் கடத்தும் ஹார்ட்வேர் நாட் வேலைசெய்து, 930 வந்தது.

ஆனால் மகளின் ஸூம் வகுப்புக்கு கியூஓஎஸ் வேண்டும். அதைப் போட்டபடியே கிகாபிட் தள்ள இந்தச் சிபியு போதாது, இன்னும் தேடுகிறேன். வைஃபை பற்றிக் கேட்ட அக்காவுக்கு: இதெல்லாம் வயரில் அளந்தது.