இரண்டு ஆண்டு மெடிக்ளைம் ரசீது: வருமான வரிக் கழிவான 80டியில் எந்தத் தொகையைக் காட்டுவது?

தாம்பரம் வாசி:
அப்பாவுக்கு 67 வயது, அம்மாவுக்கு 63. இருவருக்கும் சேர்த்து 2025 ஆகஸ்டில் இரண்டு ஆண்டுக்கான மருத்துவக் காப்பீடு எடுத்து, என் வங்கிக் கணக்கிலிருந்து பணம் கட்டினேன். ரசீதில் நிகர பிரீமியம் 72,000, சிஜிஎஸ்டி 6,480, எஸ்ஜிஎஸ்டி 6,480, மொத்தம் 84,960 ரூபாய் என்றிருக்கிறது. பாலிசிக் காலம் 20-08-2025 முதல் 19-08-2027 வரை. நான் பழைய வரி முறையில் இருக்கிறேன். 72,000 என்று காட்டுவதா, 84,960 என்று காட்டுவதா? எப்படியும் உச்சவரம்பான 50,000 முழுவதும் கிடைத்துவிடும்தானே?

வெளிப்படை:
72,000தான் பிரீமியம். மீதி 12,960 அரசுக்குப் போகும் வரி. வரியாகக் கட்டிய பணத்துக்கு இன்னொரு வரியில் சலுகை கேட்பது எந்த ஊர் நியாயம்? எங்கள் கடையில் ஜிஎஸ்டியைத் தனிக் கணக்கில்தான் வைக்கிறோம், செலவில் சேர்ப்பதில்லை. வரிக்கு முந்தைய தொகையை மட்டும் காட்டுங்கள்.

பேரேடு:
கடைக் கணக்கை இங்கே பொருத்தக் கூடாது, ஐயா. நீங்கள் கட்டும் ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிகிறது. அதனால்தான் அது உங்களுக்குச் செலவாகவில்லை. பெற்றோருக்குக் காப்பீடு எடுக்கும் மகனுக்கு அந்த வழி கிடையாது. 80டி பிரிவு, காப்பீட்டை எடுக்கவும் தொடர்ந்து நடைமுறையில் வைத்திருக்கவும் செலுத்திய தொகை என்றுதான் பேசுகிறது. வரியை விட்டுவிட்டு 72,000 மட்டும் அனுப்பியிருந்தால் பாலிசி வந்திருக்குமா? வந்திருக்காது. ஆகவே கணக்கின் தொடக்கம் 84,960தான். ரசீதில் அடிவரியைப் பார்க்க வேண்டும்.

ஆனால் இந்த ஆண்டே 50,000 கிடைக்காது. ரசீதில் தொகைக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது பாலிசிக் காலம். ஓராண்டைத் தாண்டிய காப்பீட்டுக்கு மொத்தமாகக் கட்டினால், அதைக் காப்பீடு நடைமுறையில் இருக்கும் நிதி ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்துத்தான் கழிக்க முடியும். 50,000 உச்சவரம்பு ஒவ்வொரு ஆண்டின் பங்குக்கும் தனித்தனியாக வரும்.

ஈரோடு சுமதி:
எனக்கு ஒன்று புரியவில்லை. தனிநபர் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டியே இல்லை என்று அறிவித்துவிட்டார்களே, இவர் ரசீதில் மட்டும் 18 சதவீதம் எப்படி வந்தது? என் கணவர் அலுவலகம் வழியாக எடுத்த கூடுதல் காப்பீட்டிலும் வரி போட்டிருக்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

பேரேடு:
இல்லை, அம்மா. வரி நீக்கம் 2025 செப்டம்பர் 22 முதல்தான். இவர் கட்டியது ஆகஸ்டில், அப்போது 18 சதவீதம் உண்டு. உங்கள் கணவருடையது அலுவலகக் குழுக் காப்பீடு. விலக்கு தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு மட்டும், குழுவுக்கு இல்லை. அவர் சம்பளத்தில் பிடித்த தொகையை வரியோடு சேர்த்தே 80டியில் காட்டலாம். நிறுவனமே கட்டும் பங்கைக் காட்டக் கூடாது.

கோவை வாசகர்:
பிரித்துக் காட்ட வேண்டும் என்பது சரி. பிரித்தால் ஆண்டுக்கு 42,480. என் காப்பீட்டு நிறுவனம் தந்த 80டி சான்றிதழிலும் இரண்டாண்டுப் பாலிசியை இரண்டாகத்தான் வகுத்திருந்தது. அந்தத் தாளைக் கொடுத்தேன், அலுவலகத்தில் கேள்வியே வரவில்லை.

பேரேடு:
இங்கேதான் நான் மாறுபடுகிறேன். சட்டம் பாலிசி ஆண்டை எண்ணவில்லை, நிதி ஆண்டை எண்ணுகிறது. பணம் கட்டிய நிதி ஆண்டும், அதன் பிறகு காப்பீடு நடைமுறையில் இருக்கும் நிதி ஆண்டுகளும் கணக்கில் வரும். இவருடைய காப்பீடு 2025-26இல் தொடங்கி, 2026-27 முழுவதும் ஓடி, 2027-28இல் ஆகஸ்ட் 19 வரை நிற்கிறது. மூன்று நிதி ஆண்டுகளைத் தொடுகிறது. எனவே 84,960ஐ மூன்றால் வகுக்க வேண்டும். ஆண்டுக்கு 28,320. ஏப்ரல் 1 அன்று தொடங்கும் இரண்டாண்டுப் பாலிசிக்கு மட்டுமே இரண்டால் வகுப்பது பொருந்தும்.

கோவை வாசகர்:
மூன்றாம் நிதி ஆண்டில் ஐந்து மாதம்கூட முழுதாக இல்லை. அதற்கும் முழுப் பங்கா? நிறுவனத்தின் சான்றிதழ் ஒரு கணக்கும் ரிட்டர்ன் வேறு கணக்கும் சொன்னால், விளக்கம் எழுத வேண்டியவர் வரி கட்டுபவர்தான். இப்போது ரிட்டர்னிலேயே நிறுவனத்தின் பெயரும் பாலிசி எண்ணும் கேட்கிறார்கள். ஆவணத்தோடு ஒத்துப்போவதே பாதுகாப்பு என்பது என் கட்சி.

பேரேடு:
மாதக் கணக்குப் பார்க்கும்படி அந்தப் பிரிவில் எதுவும் இல்லை, சமப் பங்குதான். சான்றிதழைவிடக் குறைவாகக் கேட்டவருக்கு நோட்டீஸ் வரும் என்று நான் அஞ்ச மாட்டேன். முதல் ஆண்டில் 14,160 கூடுதலாகக் கேட்டவருக்குத்தான் பதில் சொல்லும் நிலை வரும். மூன்று ஆண்டும் பழைய முறையிலேயே இருந்தால் எப்படிப் பிரித்தாலும் மொத்தக் கழிவு 84,960தான்.

கோவை வாசகர்:
அந்த "இருந்தால்" சின்ன விஷயமில்லை. புதிய முறையில் 80டி கிடையாது. அடுத்த ஆண்டு அவர் மாறினால் மீதி இரண்டு பங்கும், அதாவது 56,640, வீணாகிவிடும். இரண்டாக வகுத்தால் பாதியாவது கையில் வந்திருக்கும்.

பேரேடு:
ஒப்புக்கொள்கிறேன், அது உண்மையான இழப்பு. நீண்ட காலப் பாலிசிக்குத் தள்ளுபடி உண்டு என்று முகவர் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். ஆனால் அந்த இழப்பைக் காட்டி வகுக்கும் எண்ணை மாற்ற முடியாது.

மதுரை ஓய்வூதியர்:
என் ரசீது ஆயுள் காப்பீடு. தவணை 24,000, ஜிஎஸ்டி 540, அதன் கீழே தாமதக் கட்டணம் என்று ஒரு வரி. இதையும் 80டியில் சேர்க்கலாமா?

பேரேடு:
அது 80சி, ஐயா, தனிக் கணக்கு. 24,540ஐக் காட்டலாம், உறுதித் தொகையில் 10 சதவீத வரம்பைத் தாண்டாத வரை. 2012 ஏப்ரலுக்கு முந்தைய பாலிசி என்றால் வரம்பு 20 சதவீதம். தாமதக் கட்டணத்தை நான் சேர்ப்பதில்லை, அது பிரீமியம் அல்ல, தாமதத்துக்கான விலை.

வெளிப்படை:
இதில் நீங்கள் முரண்படுகிறீர்கள். காப்பீட்டைத் தொடர்ந்து வைத்திருக்கக் கட்டிய தொகை என்ற காரணத்தால் ஜிஎஸ்டியைச் சேர்த்தீர்கள். தாமதக் கட்டணம் கட்டாவிட்டால் பாலிசி தொடருமா?

பேரேடு:
வலுவான கேள்விதான். அப்படி வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். சிறு தொகைக்காக அந்த வாதத்தைச் சுமக்க நான் விரும்பவில்லை.

தாம்பரம் வாசி:
அப்படியானால் 28,320 போக வரம்பில் 21,680 மிச்சம் இருக்கிறது. அப்பாவின் சர்க்கரை மாத்திரை பில்களை அதில் சேர்க்கலாமா? இன்னொன்று, ரசீதில் முன்மொழிபவர் என்று அப்பா பெயர்தான் இருக்கிறது.

பேரேடு:
மாத்திரை பில் முடியாது. மூத்த குடிமக்களின் மருத்துவச் செலவைக் காட்ட அவருக்குக் காப்பீடு இல்லாதிருக்க வேண்டும். முன்னெச்சரிக்கை உடல் பரிசோதனை செய்திருந்தால் 5,000 வரை அதே வரம்புக்குள் சேரும், அதை மட்டும் ரொக்கமாகக் கட்டியிருந்தாலும் ஏற்பார்கள். பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டியிருந்தால் ஒரு ரூபாயும் கழியாது. பெயர் அப்பாவுடையதாக இருப்பதில் தடையில்லை. பணம் உங்கள் கணக்கிலிருந்து போனதைக் காட்டும் வங்கி அறிக்கைப் பக்கத்தை ரசீதோடு வைத்திருங்கள். அதே தொகையை அப்பா தன் ரிட்டர்னில் காட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாம்பரம் வாசி:
நன்றி. 28,320 என்றே காட்டப்போகிறேன். நிறுவனத்தின் சான்றிதழ் 42,480 என்றுதான் வந்திருக்கிறது. எதன் அடிப்படையில் இரண்டால் வகுத்தார்கள் என்று அவர்களிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன்.

கோவை வாசகர்:
பதில் வந்தால் இங்கே பதியுங்கள். என்னுடையதையும் அதை வைத்துத்தான் மாற்றுவதா என்று பார்ப்பேன்.