95-இல் சரி, 99-இல் பிசகு: ஏன்?

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அப்பா பால்மரம் சீவிச் சேர்த்த 50,000 ரிங்கிட் இப்போது பங்குகளில் இருக்கிறது. தினசரி திட்ட விலக்கம் 1.2 விழுக்காடு, சராசரி லாபத்தைச் சுழியமாக வைத்தேன். இயல்நிலைப் பரவல்படி 95 விழுக்காடு நம்பிக்கை மட்டத்துக்கு 1.645-ஆல் பெருக்கினால் ஒருநாள் இடர் மதிப்பு, அதாவது நூறில் 95 நாள் நட்டம் தாண்டாத எல்லை, 987 ரிங்கிட். 99-க்கு 2.326-ஆல் பெருக்க, சுமார் 1,396.

கடந்த 250 வணிக நாட்களை நோட்டுப் புத்தகத்தில் எண்ணினேன். 987-ஐத் தாண்டிய நட்டம் 13 நாள், அது கணக்குப்படிதான். ஆனால் 1,396-ஐத் தாண்டியது 8 நாள்! இரண்டோ மூன்றோதான் வரவேண்டும். திட்ட விலக்கம் தவறென்றால் 95-உம் கெட்டிருக்குமே? வால் தடித்திருக்கிறது, அதாவது பெரிய நட்டங்கள் இயல்நிலைப் பரவல் சொல்வதைவிட அடிக்கடி வருகின்றன என்றே நினைக்கிறேன்.

இயல்நிலைப் பரவலை விட்டுவிட்டு, நட்டங்களை வரிசைப்படுத்தி மூன்றாவது பெரியதை எடுத்துக்கொள்ளலாமா? மூன்றே நாளை நம்பி அப்பாவிடம் ஓர் எண்ணைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. செய்து பார்த்த அண்ணன், அக்காமார் சொல்லுங்கள்.